கிளியம்மாளுக்கு வந்த ரோஜா மாலை

திண்டிவனத்தில் அந்த வீட்டின் முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கியவர் கையில் ஒரு பெரிய ரோஜா மாலை இருந்தது. வாழையிலையில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் சொட்டி அவர் வேட்டியின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சாமியானா இல்லை, வாடகை நாற்காலி இல்லை, மேளச் சத்தமும் இல்லை. வீட்டின் முன்னால் வயதான ஓர் அம்மாள் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.

வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நான் திருவாமாத்தூருங்க. உங்க விழுப்புரம் கடைக்கு மல்லாட்டை போடறவன். பெரியம்மாவ எப்ப எடுக்கறாங்க?”

“எந்தப் பெரியம்மாவ?”

“கிளியம்மா அம்மாவத்தாங்க. கடைக்காரம்மா.”

அந்த அம்மாள் கையிலிருந்த தோலை முறத்தில் போட்டார்.

“நான்தாம்பா கிளியம்மா. காலையில இருந்து என்னை யாரும் எங்கயும் எடுக்கலியே.”

அவர் மாலையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அந்த அளவு மாலையை மறைக்க அவருடைய முதுகு போதவில்லை.

பிறகு தன் போனை எடுத்து நீட்டினார். கறுப்பு வெள்ளையில் கிளியம்மாள் படம். முட்டை வடிவச் சட்டம், சுற்றிலும் மல்லிகைப்பூ, இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. கீழே கொட்டை எழுத்தில், “அவர் விட்டுச் சென்ற சுவை.”

என் கைப்பையில் அப்போது கிளியம்மாளின் கதை நான் எழுதிய வடிவத்தில் இருந்தது. அவரிடம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கத்தான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். அதற்குள் ஆளைச் சாகடித்துவிட்டார்கள்.

கதை கேட்டு வந்த பேரன்

ஊரார் பெருமையை நான் எழுதிக் கொடுத்துப் பிழைத்த கதைகளை இந்தத் தொடரில் சொல்லி வருகிறேன். போன வாரம் கல்யாணப் பத்திரிகை எழுதச் சொன்னவர்களைத் திட்டித் தீர்த்தேன். கோபித்துக்கொண்டு எழுதியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, இந்த வாரம் உங்களை விட்டுவிட்டேன். இந்த வாரம் இனிப்புக் கடை.

கடையின் பெயர் வேண்டாம். திண்டிவனத்தில் கிளியம்மாள் ஆரம்பித்தது. பிறகு மகன் ஏழுமலை விழுப்புரத்தில் பெரிதாக ஒன்று திறந்தார். இப்போது கண்ணாடிக் கதவும் குளிர்பதனமும் இருப்பதால் விழுப்புரம்தான் தலைமைக் கடை, திண்டிவனம் கிளை. பெற்ற தாயைக் கிளை என்று சொல்ல வியாபாரத்தில் மட்டும்தான் முடியும்.

ஏழுமலையின் மகன் நவீன் என்னைத் தேடி வந்தான். மேலாண்மை படித்தவன். சட்டைப் பையில் இரண்டு போன். ஆன்லைனில் ஆர்டர் எடுக்க வெப்சைட் தயாராகிறதாம். அதில் ‘எங்கள் கதை’ என்று ஒரு பக்கம் வேண்டுமாம்.

“ரெடியா ஒரு டிராஃப்ட் இருக்கு மேடம். நீங்க கொஞ்சம் பாலிஷ் பண்ணிக் குடுத்தா போதும். ஜல்தியா வேணும். தீபாவளிக்கு முன்னாடி லைவ் போவணும்.”

“யார் எழுதினது?”

“கம்ப்யூட்டர்ல கேட்டேன். அதுவே எழுதிக் குடுத்துச்சு.”

வாங்கிப் படித்தேன். “ஒரு சிறிய சமையலறை. ஒரு பெரிய கனவு. கணவனை இழந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள் ஒரு தாய்.” இரண்டாவது பத்தியில் அன்பின் நறுமணம் வீசியது. மூன்றாவது பத்தியில் பாரம்பரியம் நவீனத்தோடு கைகோத்தது. அங்கே தன் பெயரும் சேர்ந்து வந்துவிட்டதில் பையனுக்கு ரொம்பத் திருப்தி.

“உங்க தாத்தா எப்ப இறந்தார்?”

அவன் யோசித்தான். “நான் ஸ்கூல் போய்க்கினு இருந்தப்ப.”

“கடை ஆரம்பிச்சப்ப?”

“அப்ப இருந்தாரு மேடம். ஆனா விதவைன்னு போட்டா நல்லா கனெக்ட் ஆவும்.”

கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஏழுமலை தலையைத் தூக்கினார். “எங்கப்பன் எங்கடா அப்ப செத்தான்? நான் ஏமாத்து வேலை செஞ்சா பெல்ட்டால அடிப்பான்.” அதோடு அவர் கடமை முடிந்தது. மறுபடி பில் போட ஆரம்பித்தார்.

எல்லாக் கடைக்கும் ஒரே அழுகை

இந்த ‘எங்கள் கதை’ என்ற சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஊறுகாய் விற்றாலும் ஒரு கதை வேண்டும், உள்ளாடை விற்றாலும் ஒரு கதை வேண்டும். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு தேடுகிறார். முன்பின் தெரியாத கடைக்குக் காசு கட்டலாமா என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் அந்தப் பக்கம். இவர்கள் யார், எங்கே செய்கிறார்கள், எது இவர்களிடம் மட்டும் கிடைக்கும். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது அவ்வளவுதான்.

நம் ஆட்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். ஒரு விதவை, ஒரு அடுப்பு, ஒரு பித்தளைப் பாத்திரம். மாவட்டத்துக்கு மாவட்டம் அதே விதவை. பாத்திரம்கூட மாறுவதில்லை.

பொம்மையார்பாளையத்தில் கடற்கரை விடுதிக்காரர் ஒருவருக்கு ஒருமுறை எழுதினேன். “மனிதக் காலடி படாத கடற்கரை” என்று போடச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே முப்பாட்டன் காலத்திலிருந்து அங்கே வலை இழுக்கும் ஆட்கள் எங்கள் மேல் மணல் படக் கடந்து போனார்கள். அவர்களுக்குக் கால் இல்லையா என்று கேட்டேன். அந்த வேலை அதோடு போயிற்று.

நவீனிடம் நான் என் கேள்விகளைக் கொடுத்தேன். யார் படிக்கப் போகிறார்கள்? எந்தப் பலகாரத்துக்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? படித்து முடித்தவர் மனதில் ஒன்றே ஒன்று நிற்க வேண்டுமானால் அது எது? நீங்கள் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் என்ன?

அவனுடைய தாளில் “செயற்கை நிறமே கிடையாது” என்று இருந்தது. கண்ணாடிப் பெட்டியிலிருந்த ஜாங்கிரியைக் காட்டி, அந்த ஆரஞ்சு எந்த வயலில் விளைகிறது என்று கேட்டேன். அந்த வரியை அடித்தான். “சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்” என்று இருந்தது. டப்பாவில் ஒட்டும் சீட்டில் சர்க்கரை என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் இப்படி எழுதினால் எவனாவது நம்பித் தின்று விழுவான், கேள்வி கேட்க அதிகாரி வருவார் என்றேன். அதையும் அடித்தான். கடலை ஒவ்வாதவர்களுக்கு எச்சரிக்கை எங்கே என்றால், “அது கதையில எதுக்கு மேடம், மூடு போயிடும்” என்றான். கதையில் வேண்டாம், பலகாரத்தின் பக்கத்தில் போடு, மூடை விட மூச்சு முக்கியம் என்றேன்.

தேடி வருவது எதற்கென்று கேட்டபோது மட்டும் தயங்காமல் சொன்னான். மல்லாட்டை மைசூர்பாகு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வேறு யாரிடமும் கிடையாது. டப்பாவுக்கு வாசகமும் யோசித்து வைத்திருந்தான், ‘பாட்டியின் ரகசியச் செய்முறை’.

பாட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். பையன் முகம் மாறியது.

“ஆயாவுக்கு வயசாயிடுச்சு மேடம். சரியா பேச வராது.”

வீட்டில் ஆயா, வெப்சைட்டில் பாட்டி. ஆயா என்று போட்டால் வெளியூர்க்காரர்கள் பிள்ளை பார்க்கும் வேலைக்காரி என்று நினைத்துவிடுவார்களாம். சொந்தப் பாட்டியைச் சொந்த ஊர்ப் பெயரில் கூப்பிட வெட்கப்படும் இவர்கள்தான் பாரம்பரியம் விற்க வருகிறார்கள்.

சரியாகப் பேச வராதவர்

சரியாகப் பேச வராத கிளியம்மாள் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். நடுவில் ஒரு தடவை வெற்றிலை போட நிறுத்தியதோடு சரி.

இந்த மாதிரிப் பேட்டியில் “அப்போது எப்படி உணர்ந்தீர்கள்” என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லோரும் டிவியில் பார்த்ததைத் திருப்பிச் சொல்வார்கள். கை என்ன செய்தது என்று கேட்க வேண்டும். முதல் நாள் கூடையில் என்ன இருந்தது, எதைப் போட்டு மூடினீர்கள், மிஞ்சியதை என்ன செய்தீர்கள். போனில் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே அனுமதி கேட்டேன்.

“நல்லா செஞ்சிக்கோ. நான் சொன்னத மாத்தாதே.”

சொந்த நிலம் இருந்த குடும்பம். நிலத்தில் மல்லாட்டை. சோற்றுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் ஏன் கூடையைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன்.

“வூட்ல குந்திக்கினு இருந்தா மாமியாரு மூஞ்சியத்தான் பார்க்கணும். மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போனா ஊரு சனமே நம்ம கூடைய பார்க்கும். எனக்கு யாவாரம் பிடிக்கும்மா. கஷ்டப்பட்டு ஒண்ணும் ஆரம்பிக்கல. ஆசைப்பட்டு ஆரம்பிச்சேன்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?”

“அவரு இன்னா சொன்னாரு. தின்னுக்கினு இருந்தாரு.”

கூடையில் மல்லாட்டை உருண்டையும் பொரி உருண்டையும். மூடியது பழைய வேட்டி. ஒரு அமாவாசைக் கூட்டத்தில் வேட்டி இழுபட்டு, உருண்டைகள் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பக்தர்கள் காலடியில் உருண்டு போயினவாம். பொறுக்கி ஊதிவிட்டு விற்றீர்களா என்று கேட்டேன். “பொறுக்கி மாட்டுக்குப் போட்டேன். அடுத்த அமாவாசைக்கும் அதே சனம்தானே வரும்,” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் அந்தக் கடையின் முழு விளம்பரமும் இருந்தது. கம்ப்யூட்டர் எழுதிய மூன்று பத்திகளையும் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் போட்டால் எவனும் நம்பி வாங்குவான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மல்லாட்டை மைசூர்பாகுக்கு வந்தேன். அந்த ரகசியச் செய்முறை எப்படித் தோன்றியது?

“அது என்னுது இல்ல.”

கிளியம்மாள் உள்பக்கம் திரும்பினார். “அஞ்சல, இங்க வா. உன்ன பத்திதான் கேக்கறாங்க.”

பாகு பிடிபட்ட விதம்

அஞ்சலை கிளியம்மாளின் மகள், ஏழுமலைக்கு அக்கா, நவீனுக்கு அத்தை. கல்யாணமாகி, ஒத்துவராமல், சின்ன வயதிலேயே திரும்பி வந்துவிட்டவர். திண்டிவனம் கடையின் அடுப்படி அன்றிலிருந்து அவர் கையில். இரண்டு கடைக்கும் மைசூர்பாகு அங்கிருந்துதான் போகிறது.

புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டே வந்தார். பார்வையில் மரியாதையும் இல்லை, கூச்சமும் இல்லை.

“எழுத வந்திருக்கீங்களா? என் பேர போடுங்க. நான்தான் பண்ணேன்.”

செய்முறையைப் பக்கத்தில் போட மாட்டேன், ஆனால் எனக்குப் புரிய வேண்டும் என்றேன். சொன்னார். கிளியம்மாள் ஆசைப்பட்டுச் செய்து பார்த்த மல்லாட்டைப் பாகு கல்லாகப் போயிருக்கிறது. மல்லாட்டைக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. வறுத்ததைச் சூட்டோடு அரைத்தால், அல்லது நிறுத்தாமல் அரைத்தால், எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். அந்த விழுது நெய்யைக் குடிக்காது. நெய் தனியே நிற்கும், பாகு தனியே இறுகும்.

அஞ்சலை சின்னத் தீயில் வறுத்து, தோல் நீக்கி, முழுக்க ஆறவிட்டார். விட்டு விட்டு அரைத்தார், சலித்தார். அப்போதும் நெய்யைப் பிடிக்கவில்லை. வறுத்த கடலைமாவைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தார், நெய் உள்ளே போக ஆரம்பித்தது. ஒரு கம்பிப் பாகில் மாவைத் தூவி, காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளற, பாத்திரத்தில் நுரை எழுந்து பாகு சின்னச் சின்ன ஓட்டையோடு பொறை பொறையாக வந்தது.

“அந்த நுரைய பார்த்ததும் அம்மாவ கூப்ட்டேன். அம்மா வந்து பார்த்துட்டு, அப்படியே குந்திடுச்சு.”

“இப்போ அதுக்குப் பாட்டியின் ரகசியச் செய்முறைன்னு பேர் வைக்கப் போறாங்க,” என்றேன்.

“தெரியும். போன வாரம் ஒரு அம்மா கடைக்கு வந்து, உங்கம்மா பண்ற மாதிரியே பண்றீங்களேன்னு என்னையே பாராட்டினாங்க. பேரன் வாட்சப்புல போட்டிருக்கான்ல.” அஞ்சலை சிரிக்கவில்லை. “எனக்குன்னு வேற இன்னா இருக்குது? புள்ள இல்ல, வூடு அம்மா வூடு. இது ஒண்ணுதான் நானா பண்ணது.”

கிளியம்மாள் என்னிடம் நேராகச் சொன்னார். “இவ பேரு இல்லன்னா என் பேரும் வேணாம். படமும் வேணாம்.”

ஒரே ஒரு முகம்

அப்படியே எழுதினேன். கிளியம்மாளின் ஆசை, கூடை, மாட்டுக்குப் போட்ட உருண்டை, பிறகு அஞ்சலையின் பாகு. நவீனுக்கு அனுப்பினேன். அவன் படித்தானோ இல்லையோ, உடனே போனில் கூப்பிட்டான்.

“மேடம், பிராண்டுக்கு ஒரு முகம்தான் இருக்கணும். ரெண்டு முகம் போட்டா கஸ்டமர் கன்ஃப்யூஸ் ஆவாங்க.”

தொழில்படி அவன் சொன்னது சரிதான். ஒரு பக்கத்தில் பத்துப் பேரை நிறுத்தினால் படிப்பவர் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். அப்படியானால் நீ அனுப்பிய படத்தில் மூன்று வட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். ‘மூன்று தலைமுறை’ என்று தலைப்பு. முதல் வட்டத்தில் ஆயா, இரண்டாவதில் ஏழுமலை, மூன்றாவதில் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நவீன். ஒரு கரண்டிகூடத் தொட்டறியாத கையை அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொள்ள எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை.

பிறகுதான் உண்மையான காரணத்தைச் சொன்னான்.

“அத்தை பேர போட்டுட்டா, நாளைக்கு அவங்க தனியா கடை போட்டா நாங்க இன்னா பண்றது?”

“ஏன் போடணும்? பேர் போட்டா இங்கேயே இருப்பாங்க.”

அவன் “பார்க்கலாம்” என்றான். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் பார்த்த லட்சணம் இதுதான். புதுச்சேரியில் இருந்த டிசைனரிடம் தன் பழைய டிராஃப்டையே கொடுத்திருக்கிறான். படத்துக்குப் “பழைய காலத்து ஃபீல்” வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பிள்ளை கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, முட்டைச் சட்டம் போட்டு, இணையத்தில் கிடைத்த பூவையும் விளக்கையும் ஒட்டியிருக்கிறான். வாக்கியமெல்லாம் இறந்தகாலத்தில். ஒத்திகைக்கு வைத்திருந்த அந்தப் பக்கத்தை யாரையும் கேட்காமல் அன்று காலை நவீன் வெளியிட்டுவிட்டான். படத்தை மட்டும் தனியாக எடுத்து, கடை வாடிக்கையாளர் குழுக்கள் அத்தனைக்கும் அனுப்பியிருக்கிறான்.

விழுப்புரத்தில் எந்த முச்சந்தியிலும் ஃபிளெக்ஸ் தொங்குகிறது. கலர் படம் என்றால் பிறந்தநாள் அல்லது காதுகுத்து. கறுப்பு வெள்ளைப் படம், பூ, இரண்டு விளக்கு என்றால் கண்ணீர் அஞ்சலி. படிக்கத் தெரியாதவர்களும் பஸ்ஸிலிருந்தே அதைப் புரிந்துகொள்வார்கள். மேலாண்மை படித்தவனுக்கு மட்டும் புரியவில்லை.

மாலையும் மைசூர்பாகும்

அன்று காலை திருவாமாத்தூர்க்காரர் முதல் ஆள்தான். அவர் பின்னாலேயே தெருக்காரர்கள் வந்தார்கள், பழைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டு மூன்று பெண்கள் வாய்விட்டு அழுதுகொண்டே வந்து, பாதி வழியில் கிளியம்மாளைப் பார்த்ததும் அழுகையை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நின்றார்கள்.

கிளியம்மாள் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

“வந்துட்டீங்க. குந்துங்க. அஞ்சல, தட்டு எடுத்துக்கினு வா.”

துக்கத்துக்கு வந்த வீட்டில் இனிப்பு சாப்பிடலாமா என்று அவர்கள் தயங்கினார்கள். செத்தவளே கொடுக்கிறேன், சாப்பிடுங்கள் என்று அதட்டினார். ஆளுக்கு ஒரு வில்லை. ஒவ்வொருவர் கையிலும் வைக்கும்போது அதே வார்த்தை.

“இத பண்ணது என் பொண்ணு அஞ்சலை. அதயும் போயி வாட்சப்புல போடுங்க.”

அஞ்சலை டீ போட்டுக்கொண்டே முணுமுணுத்தார். “இத்தினி பேருக்கு டீ போட, பாலு வாங்கவே நானு ஓட வேண்டியிருக்குது. பேஜாரு புடிச்ச வேல.” ஆனால் தாய் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் ஏழுமலையும் நவீனும் காரில் வந்து இறங்கினார்கள். விழுப்புரம் கடையில் காலையிலிருந்து ஒருவரும் இனிப்பு வாங்கவில்லையாம். வந்தவர்களெல்லாம் துக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர், பெற்ற தாய் போன அன்றைக்கே ஷட்டரைத் திறந்து ஜாங்கிரி பிழிகிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று ஏழுமலையைக் கடைக்குள்ளேயே திட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஏழுமலை அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைக் கழற்றுவதிலேயே நேரத்தைக் கடத்தினார்.

“ஆயா, பேஜ எடுத்துட்டேன். டிசைனர் பண்ண தப்பு,” என்றான் நவீன்.

“உங்க தாத்தா இருந்தப்பவே என்னை விதவை ஆக்கினது அவனா?”

நவீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் நாற்காலிக்குப் பின்னால் திருவாமாத்தூர் மாலை சாய்ந்து கிடந்தது.

கிளியம்மாள் என்னைப் பார்த்தார். “நீ எழுதினத படிம்மா. எல்லாரும் கேக்கட்டும்.”

படித்தேன். வந்திருந்த துக்கக்காரர்களும் இருந்து கேட்டார்கள். இந்த வேலையில் இப்படி ஒப்புதல் வாங்கியதே இல்லை. வழக்கமாக வீட்டு வாட்சப் குழுவில் போடுவார்கள், ஆளுக்கொரு கைகூப்பும் படம் அனுப்புவார்கள், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு வரிக்கும் கிளியம்மாள் நிறுத்தினார். “பொறுமையாக” என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். “அத எடு. நான் எப்ப பொறுமையா இருந்தேன்?” எடுத்தேன். “பாட்டி” என்று வந்த இடத்தில் “ஆயான்னு போடு, யாராச்சும் வேலைக்குக் கூப்ட்டா நான் பார்த்துக்கறேன்” என்றார். “வேர்க்கடலை” என்ற சொல்லுக்கும் அதே கதி. மாட்டுக்குப் போட்ட உருண்டைக்குத் துக்கக்காரர்கள் சிரித்தார்கள்.

அஞ்சலை வரும் பத்தியைப் படித்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

படித்து முடித்ததும் நவீன் தொண்டையைச் செருமினான். “சரி ஆயா. அத்தை பேரயும் போடலாம். கடைசிப் பத்தியில போடறேன்.”

ஏழுமலை நிம்மதியாகத் தலையாட்டினார். துக்கக்காரர்களும் தலையாட்டினார்கள். அஞ்சலை வெளியே வந்து, “கடைசிலயாவது வருதே,” என்று காலித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். குரலில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கிளியம்மாள் கையை நீட்டினார்.

“அந்தப் போன குடு. கடைசின்னா எங்க வரும், காட்டு.”

நவீன் ஒத்திகைப் பக்கத்தைத் திறந்து என் எழுத்தை ஒட்டிக் காட்டினான். கிளியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். மேலே படம், அதன் கீழே இரண்டு வரி, அதோடு நின்றது.

“மிச்சம் எங்க?”

“போன்ல ரெண்டு வரிதான் தெரியும் ஆயா. ‘மேலும் படிக்க’ன்னு கீழ இருக்கு பாரு, அத அமுக்கினா மிச்சம் வரும்.”

“எல்லாரும் அமுக்குவாங்களா?”

நவீன் என்னைப் பார்த்தான். பொய் சொல்ல எனக்கு யாரும் கூலி கொடுத்திருக்கவில்லை. “பெரும்பாலும் அமுக்க மாட்டாங்க,” என்றேன். “மேல ரெண்டு வரியைப் படிச்சிட்டு விலை பார்க்கப் போயிடுவாங்க.”

கிளியம்மாள் அந்த இரண்டு வரியை மறுபடி பார்த்தார். “இந்தக் கடையைத் தொடங்கியவர் கிளியம்மாள்” என்று ஆரம்பித்திருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

“இத உள்ள தள்ளு. அவளத மேல கொண்டா.”

“ஆயா, நீதான் ஃபவுண்டர். ஃபவுண்டர் இல்லாம எப்படி?”

“என் பேரு கடை போர்டுல இருக்குது. அத எவனும் மடிக்க முடியாது. இவளுக்கு இன்னா இருக்குது?” போனை அவன் மடியில் போட்டார். “காலையில இருந்து மாலை வாங்கிக்கினு இருக்கேன். செத்தவளுக்கு மொத வரி எதுக்கு?”

ஏழுமலை அன்று அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “அம்மா சொல்றபடி போடுறா.” நவீன் அதே இடத்தில் உட்கார்ந்து மாற்றி, அடுப்படியில் அஞ்சலையைப் படம் எடுத்துப் போட்டு வெளியிட்டான். கையைக் கட்டிக்கொள்ள அவனுக்கு அன்று நேரம் இருக்கவில்லை. டப்பாவிலிருந்த ரகசியச் செய்முறை என்ற வாசகமும் அச்சுக்குப் போகும் முன்பே போயிற்று.

இப்போதும் அந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. கலர் படம். அடுப்பின் முன்னால் அஞ்சலை, சிரிக்காமல். அதன் கீழே, “இந்த மல்லாட்டை மைசூர்பாகைக் கண்டுபிடித்தவர் அஞ்சலை. திண்டிவனத்தில் இன்றும் அவர்தான் கிளறுகிறார்.” அவ்வளவுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அஞ்சலை அடுப்படி வாசலில் நின்று தன் போனில் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“யம்மா, உன் பேர காணோமே,” என்றார்.

கிளியம்மாள் விட்ட இடத்திலிருந்து மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் உள்ள இருக்கேன். வேணுன்னா அமுக்கிப் பார்க்கட்டும்.”

அஞ்சலை அமுக்கவில்லை. அந்த இரண்டு வரியையே இன்னொரு தடவை படித்தார்.